ஓய்வு பெற்ற ஆசிரியரின் கவர் லெட்டர்: இணையவழி வகுப்புக்கும் பாட உள்ளடக்கச் சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்கும்போது தெரிந்திருக்க வேண்டியவை

ஓய்வு பெற்ற பிறகு இணையவழியில் பாடம் சொல்லித் தரவும், பாட உள்ளடக்கத்தைச் சரிபார்த்துக் கொடுக்கவும் விண்ணப்பித்தேன். பல மாதங்கள் ஓரிடத்திலிருந்தும் பதில் வரவில்லை. இத்தனை ஆண்டு கணக்குப் பாடம் நடத்திய அனுபவத்துக்கு ஒரு வரிப் பதிலுக்கான மதிப்புகூட இல்லையா என்று மனம் கசந்தது. வயதுதான் காரணம் என்று நானே முடிவும் கட்டிக்கொண்டேன். பிறகு, இந்த வேலைகளுக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் பேசியபோதுதான் காரணம் கடிதத்திலேயே இருந்தது புரிந்தது. அதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த மாதங்களும், அந்த அலைச்சலில் கைவிட்டுப் போன பணமும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் இந்த இரண்டு வேலைகளும் எவ்வளவு வேறானவை என்பதைப் பார்ப்போம். இணையவழி வகுப்பு என்பது குறித்த நேரத்தில் திரையின் முன் உட்கார்ந்து, ஒரு மாணவரிடமோ சிறு குழுவிடமோ நேரடியாகப் பேசும் வேலை. ஊதியம் மணிக்கணக்கில் அல்லது வகுப்புக்கணக்கில் வரும். ஆள் எடுப்பவர் உங்கள் பேச்சுத் தெளிவு, நீங்கள் கிடைக்கும் நேரம், இணைப்பின் தரம், மாணவர் தடுமாறும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைப் பார்ப்பார். உள்ளடக்கச் சரிபார்ப்பில் மாணவரே கிடையாது. வேறு யாரோ எழுதிய பாடம், வினா, விடைக்குறிப்பு, படம், காணொளி உரை ஆகியவற்றைப் படித்து, பிழை எங்கே இருக்கிறது, ஏன் பிழை, எப்படித் திருத்தலாம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். ஊதியம் வினாவுக்கு இவ்வளவு, பக்கத்துக்கு இவ்வளவு, அல்லது மணிக்கு இவ்வளவு என்று இருக்கும். இங்கே பார்ப்பது கண்ணின் கூர்மை, எழுதும் குறிப்பின் சுருக்கம், கெடுவுக்குள் முடிக்கும் ஒழுங்கு.

நிறுவனங்களில் இந்த இரண்டையும் பெரும்பாலும் வெவ்வேறு குழுக்கள் கவனிக்கின்றன. "வகுப்பு எடுக்கவும் சரிபார்க்கவும் எந்தப் பணியாயினும் செய்யத் தயார்" என்று எழுதினால் அந்தக் கடிதத்தை எந்த மேசைக்கு அனுப்புவது என்று முதலில் படிப்பவருக்குத் தெரியாது. தெரியாத கடிதம் அப்படியே கிடந்துவிடும். ஆகவே ஒரே சுயவிவரத்தை வைத்துக்கொண்டு கடிதத்தை இரண்டாக எழுதுங்கள். விளம்பரமே இரண்டு வேலைக்கும் ஒன்றாக ஆள் கேட்டால் மட்டும் ஒரே கடிதம் போதும். அதிலும் எது முதன்மை என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, மற்றதற்குத் தனிப் பத்தி கொடுங்கள்.

அடுத்தது தொடக்கம். ஆசிரியர்களாகிய நமக்குக் கைவந்த கடித வடிவம் அலுவலக விண்ணப்பம்தான். "மதிப்பிற்குரிய ஐயா, நான் 32 ஆண்டுகள் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றுள்ளேன். தற்போது ஓய்வு நேரம் அதிகமாக இருப்பதால் தங்கள் நிறுவனத்தில் சேவை செய்ய விரும்புகிறேன். வாய்ப்பளிக்குமாறு பணிந்து வேண்டுகிறேன்." இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் என்ன பாடம், எந்த வகுப்பு, எந்த வேலை என்ற மூன்றும் இல்லை. "ஓய்வு நேரம் அதிகம்" என்றால் பொழுதைக் கழிக்க வருகிறார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். "சேவை" என்றால் ஊதியம் பேசும்போது அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். பணிந்து வேண்டுவதைப் பார்த்தால், வகுப்பில் பெற்றோரிடமும் குழுவில் எழுத்தாளரிடமும் உறுதியாகப் பேசக்கூடியவர்தானா என்ற ஐயம் வரும்.

அதே ஆள் இப்படித் தொடங்கலாம்: "உங்கள் 6 முதல் 8 வகுப்பு வரையிலான கணக்கு வினா வங்கியின் சரிபார்ப்பாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். 32 ஆண்டுகள் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தியிருக்கிறேன். அதில் 11 ஆண்டுகள் பொதுத்தேர்வு விடைத்தாள் மதிப்பீட்டுப் பணியிலும் இருந்தேன்." முதல் வரியில் பணி, இரண்டாவதில் பாடமும் வகுப்பும், மூன்றாவதில் அந்தப் பணிக்கு நேராகப் பொருந்தும் ஒரு அனுபவம். ஓய்வு பெற்றதை மறைக்க வேண்டியதில்லை. கல்வித் தகுதி வரும் இடத்தில் ஒரு சொல்லாகச் சொன்னால் போதும். பிறந்த தேதி, குடும்ப விவரம், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் கடிதத்தில் தேவையே இல்லை.

கடிதத்தின் நடுப்பகுதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. "கடினமான பாடத்தையும் எளிமையாக விளக்குவேன்", "நுணுக்கமாகப் பிழை காண்பேன்" என்ற வரிகள் எல்லாருடைய கடிதத்திலும் இருக்கின்றன. படிப்பவருக்கு அதில் பிடிமானம் எதுவும் கிடைக்காது. அந்த இடத்தில் ஒரே ஒரு மாதிரியைச் செய்து காட்டிவிட்டால் கடிதம் தனியாகத் தெரியும். மாதிரி நான்கைந்து வரிக்கு மேல் போக வேண்டாம். வகுப்புக்கு ஒன்றும் சரிபார்ப்புக்கு ஒன்றுமாக இரண்டையும் செய்து பார்க்கலாம்.

வகுப்புக்கு: பின்னங்களைக் கூட்டச் சொன்னால் மாணவர் பலர் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுவார்கள். மேலுள்ளதை மேலே, கீழுள்ளதைக் கீழே கூட்டிவிடுவார்கள். இதைக் கண்டதும் பொதுப்பகுதி காணும் முறையைத் திரும்பச் சொல்லித் தருவது பலர் செய்வது. ஆனால் முறை தெரியாதது மட்டும் இங்கே சிக்கல் இல்லை. பின்னம் ஓர் எண், அதற்கு ஓர் அளவு உண்டு என்ற உணர்வு இல்லாததால்தான் அந்த விடை மாணவருக்குத் தவறாகத் தெரியவில்லை. அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "உன் விடையான 2/5 பாதியைவிடப் பெரியதா, சிறியதா?" என்பதுதான். 2/5 என்பது 0.4. பாதி என்பது 0.5. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறோம், விடையோ பாதியைவிடக் குறைந்திருக்கிறது. இதை மாணவரே கண்டுபிடிக்க ஒரு நிமிடம் காத்திருந்தால், அதன்பின் 3/6 + 2/6 = 5/6 என்பதை அவரே விரும்பிக் கேட்பார்.

இதைக் கடிதத்தில் இப்படிச் சுருக்கலாம்: "1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் மாணவரிடம் நான் உடனே விதியைச் சொல்வதில்லை. 2/5 பாதியைவிடப் பெரியதா என்று கேட்டு, திரைப்பலகையில் இரண்டு சம நீளப் பட்டைகளை அவரையே வரையச் சொல்வேன். முரண்பாட்டை அவர் சொன்ன பிறகுதான் பொதுப்பகுதிக்குப் போவேன்." இந்த மூன்று வரியில் பாட அறிவும், மாணவரின் பிழையைப் படிக்கும் திறனும், எழுதுகோலை மாணவர் கையில் கொடுக்கும் பழக்கமும் தெரிந்துவிடும். கடைசியாகச் சொன்னது இணையவழியில் மிக முக்கியம். வகுப்பறையில் மாணவரின் முகத்தையும் நோட்டையும் ஒரே பார்வையில் பார்த்துவிடுவோம். திரையில் நோட்டு தெரியாது. மாணவர் எழுதுவது நமக்குத் தெரிய வேண்டுமென்றால் அவர் திரைப்பலகையில் எழுத வேண்டும், அல்லது எழுதிய தாளைக் கேமராவில் காட்ட வேண்டும். ஆசிரியர் மட்டுமே பேசி எழுதும் வகுப்பைச் சோதனை வகுப்பில் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்கள் பாடம் வேறாக இருந்தால் உங்கள் மாணவர்கள் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் செய்த ஒரு பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியலில், கனமான பொருள்தான் முதலில் தரையில் விழும் என்பது. தமிழில், "பெரிய பள்ளிக்கூடம்" என்பதற்குப் "பெரியப் பள்ளிக்கூடம்" என்று வல்லினம் மிகுத்து எழுதுவது. பிழை, அதன் பின்னால் இருக்கும் எண்ணம், நீங்கள் கேட்கும் முதல் கேள்வி என்ற வரிசையில் சொன்னால் போதும்.

சரிபார்ப்புக்கு: ஆறாம் வகுப்பு அளவில் ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். "நான்கு செங்கோணங்கள் கொண்ட நாற்கரம் எது? அ. செவ்வகம், ஆ. சாய்சதுரம், இ. சரிவகம், ஈ. சதுரம்." விடைக்குறிப்பு அ. மேலோட்டமாகப் படித்தால் பிழை தெரியாது. ஆனால் சதுரத்துக்கும் நான்கு செங்கோணங்கள் உண்டு. ஈ என்று எழுதும் மாணவர் சரியாகவே எழுதியிருக்கிறார், கணினி அவருக்குப் பூஜ்யம் போடும். விடைத்தாளைக் கையால் திருத்தும்போது இப்படி ஒன்று வந்தால் மதிப்பீட்டுக் கூட்டத்தில் இரண்டு விடைக்கும் மதிப்பெண் என்று முடிவெடுப்போம். தானியங்கி வினாடி வினாவில் அந்தக் கூட்டம் கிடையாது. ஆயிரம் பேர் எழுதினால் ஆயிரம் பேருக்கும் அதே தவறான விடைக்குறிப்புதான் ஓடும். அதனால்தான் சரிபார்ப்பில் இதைக் கட்டாயத் திருத்தம் என்று குறிக்கிறோம்.

எப்படித் திருத்துவது என்பதில்தான் அனுபவசாலி தெரிவார். ஈ-யை எடுத்துவிட்டு "இணைகரம்" என்று போடலாம். ஆனால் அது மட்டும் போதாது, ஏனென்றால் நான்கு செங்கோணங்கள் கொண்ட இணைகரமும் இருக்கிறது, அதைத்தான் செவ்வகம் என்கிறோம். கூர்ந்து படிக்கும் மாணவர் அங்கேயும் நிற்பார். வினாவையே "பின்வருவனவற்றுள் எதன் நான்கு கோணங்களும் எப்போதும் செங்கோணங்களாக இருக்கும்?" என்று மாற்றி, ஈ-யில் இணைகரம் வைத்தால் விடை ஒன்றே ஒன்றாகிவிடும். வினா சோதிக்க வந்த கருத்தும் மாறாது. "அடுத்தடுத்த பக்கங்கள் சமமில்லாத" என்று சேர்த்தும் சதுரத்தை விலக்கலாம். ஆனால் அப்போது வினா கோணத்தைச் சோதிப்பதை விட்டுப் பக்கத்தைச் சோதிக்கத் தொடங்கிவிடும், சதுரம் செவ்வகமே அல்ல என்ற தவறான எண்ணத்துக்கும் துணைபோகும்.

இதற்கான சரிபார்ப்புக் குறிப்பு கடிதத்தில் இப்படி இருக்கலாம்: "வினா 7. வகை: ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை. கட்டாயத் திருத்தம். காரணம்: சதுரத்துக்கும் நான்கு செங்கோணங்கள் உண்டு. பரிந்துரை: வினாவில் 'எப்போதும்' சேர்க்கவும், ஈ-யில் 'சதுரம்' என்பதற்குப் பதில் 'இணைகரம்'." இடம், வகை, அவசரம், காரணம், மாற்று வாசகம் என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. "வினா சரியில்லை, மாற்றி எழுதவும்" என்று எழுதும் சரிபார்ப்பாளரை எழுத்தாளரும் பதிப்பாசிரியரும் மறுமுறை அழைக்கமாட்டார்கள், ஏனென்றால் வேலை அப்படியே அவர்கள் தலையில் திரும்பி விழுகிறது.

நமக்குள் இருக்கும் ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கண்ணில் பட்டதையெல்லாம் திருத்துவது ஆசிரியரின் கை. சரிபார்ப்பில் அது குறையாகிவிடும். கருத்துப் பிழை, விடைக்குறிப்புப் பிழை, அலகு விட்டுப்போனது, படமும் உரையும் பொருந்தாதது, பாடத்திட்டத்துக்கு வெளியே போனது ஆகியவை கட்டாயம். "நான் இதை வேறு விதமாகச் சொல்லியிருப்பேன்" என்பது பரிந்துரை மட்டுமே. இரண்டையும் பிரித்துக் குறிப்பேன் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். இந்தத் துறையில் இருப்பவர் அந்த வரியைப் பார்த்ததும் நின்று படிப்பார்.

இனி அனுபவத்தை எப்படிச் சொல்வது. நம் பணிப்பதிவேட்டில் இருக்கும் பலவற்றில் சில மட்டுமே இங்கே நேராக உதவும். வினாத்தாள் அமைத்தது, வினாத்தாள் கட்டமைப்பு தயாரித்தது, விடைக்குறிப்பு எழுதியது, விடைத்தாள் திருத்தியது, மதிப்பெண் ஒப்புநோக்கியது, பாடநூல் பணிமனையில் கலந்துகொண்டது ஆகிய எல்லாமே சரிபார்ப்புக்கு நேரான தகுதி. ஆசிரியப் பயிற்சியில் படித்த ப்ளூம் வகைப்பாடும் திரும்பக் கைகொடுக்கும். 1956-இல் வந்து 2001-இல் திருத்தப்பட்ட அந்த வகைப்பாட்டை வைத்துத்தான் வினா வங்கிகளில் பலவும் ஒவ்வொரு வினாவுக்கும் நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல் என்று அடையாளம் ஒட்டுகின்றன. "பயன்படுத்துதல்" என்று ஒட்டிய வினா வெறும் வரையறையைக் கேட்டால் அதைச் சுட்டுவதும் சரிபார்ப்பாளரின் வேலை. வகுப்புக்கு உதவுவது மெதுவாகக் கற்பவர்களுக்கு நடத்திய தனி வகுப்பு, பெற்றோர் சந்திப்பு, மாற்றுமொழியில் படித்த மாணவர்களுக்குப் பாடம் எடுத்தது. தலைமையாசிரியர் பொறுப்பு, விருது, விழா ஏற்பாடு ஆகியவை சுயவிவரத்தில் ஒரு வரியாக இருக்கட்டும், கடிதத்துக்கு வேண்டாம்.

எதைச் சான்றாக இணைக்கக் கூடாது என்பதும் முக்கியம். பழைய விடைத்தாள், மாணவர் பெயர் உள்ள மதிப்பெண் பட்டியல், ரகசியமாகக் கையாண்ட வினாத்தாள், முன்பு வேலை செய்த இடம் உரிமை வைத்திருக்கும் பாடக்குறிப்பு எதையும் அனுப்பாதீர்கள். இவற்றைக் காட்டினால் திறமை தெரிவதற்கு முன் ரகசியம் காக்காதவர் என்பது தெரிந்துவிடும். மாதிரி வேண்டுமென்றால் நீங்களே புதிதாக எழுதுங்கள். ஓய்வூதியம் பெறுபவர் வேறு ஊதியப் பணி ஏற்க முன் அனுமதி வேண்டும் என்ற விதி சில பணிகளில் உண்டு. கடிதம் அனுப்பும் முன் உங்கள் ஓய்வூதிய விதியைப் பார்த்துவிடுங்கள்.

வயதான ஆசிரியர் என்றதும் எதிர்ப்பக்கம் மனதுக்குள் கேட்பது கணினி வருமா என்பதுதான். "கணினி அறிவு உண்டு" என்ற வரி அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. எதைக் கொண்டு என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். வகுப்புக்கு: "மடிக்கணினி, ஒலிவாங்கியுடன் கூடிய ஹெட்செட், எழுதுவதற்குப் பேனாவுடன் டேப்லெட். ஜூமில் திரை பகிர்வதும் மாணவருக்கு எழுதும் அனுமதி கொடுப்பதும் பழக்கம்." சரிபார்ப்புக்கு: "வேர்டில் டிராக் சேஞ்சஸ் போட்டுத் திருத்துவேன். கூகுள் டாக்ஸில் நேரடியாக மாற்றாமல் பரிந்துரையாக விடுவேன். பிழைப் பட்டியலை எக்செல் தாளில் வரிசை எண்ணோடு தருவேன்." தெரியாததை எழுதிவிட வேண்டாம், ஏனென்றால் இவற்றைச் சோதனையில் அப்படியே செய்யச் சொல்வார்கள். இவை ஒரு வாரம் தினமும் உட்கார்ந்தால் கைக்கு வந்துவிடும். பழகிய பிறகு கடிதம் அனுப்புவது நல்லது. இணைய வேகத்தைச் சோதிக்கும்போது பதிவிறக்க எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் முகமும் குரலும் மாணவருக்குப் போவது பதிவேற்ற வேகத்தில்தான், அது பல இணைப்புகளில் மிகவும் குறைவாக இருக்கும். வகுப்பில் நமக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும், மாணவருக்கோ குரல் விட்டு விட்டுக் கேட்கும். கம்பி இணைப்பு இருந்தால் அதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

நேரத்தையும் துல்லியமாக எழுதுங்கள். "எந்த நேரமும் தயார்" என்பதைவிட "திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 4 முதல் 8 வரை, வாரத்துக்கு 12 மணி நேரம்" என்பது அட்டவணை போடுபவருக்கு உடனே பயன்படும். மாணவர்கள் வேறு நாட்டில் இருந்தால் எந்த நாட்டு நேரம் என்பதையும் சேருங்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகள் இருக்கின்றன. அங்குள்ள மாணவருக்கு அதே மாலை 5 மணி வகுப்பு, கடிகாரம் மாற்றாத ஊரில் இருக்கும் ஆசிரியருக்கு ஆண்டில் இரண்டு முறை ஒரு மணி நேரம் நகரும். இது தெரிந்தவர் என்று காட்ட ஒரு வரி போதும். சரிபார்ப்புக்கு நேரத்துக்குப் பதில் அளவு சொல்லுங்கள்: விடைக்குறிப்போடு 20 வினாவுக்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருமுறை கடிகாரம் வைத்துப் பார்த்து, அதை எழுதுங்கள். ஊதியம் வினாக்கணக்கில் பேசப்படும்போது இந்த எண் உங்களுக்கும் வேண்டும். ஒரு வினாவுக்கு ஆறு நிமிடம் ஆகிறது என்றால் மணிக்குப் பத்து வினா. ஒரு வினாவுக்குத் தரும் தொகையைப் பத்தால் பெருக்கிப் பார்த்தால்தான் அது கட்டுப்படியாகுமா என்று தெரியும்.

இவ்வளவையும் சேர்த்தால் சரிபார்ப்புக்கான கடிதம் ஏறக்குறைய இப்படி அமையும்:

"வணக்கம். உங்கள் 6 முதல் 8 வகுப்பு வரையிலான கணக்கு வினா வங்கியின் சரிபார்ப்பாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். கணக்கில் முதுகலைப் பட்டமும் ஆசிரியப் பயிற்சிப் பட்டமும் பெற்று, 32 ஆண்டுகள் இந்த வகுப்புகளுக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். 11 ஆண்டுகள் பொதுத்தேர்வு விடைத்தாள் மதிப்பீட்டில் இருந்திருக்கிறேன், பள்ளித் தேர்வுகளுக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரித்திருக்கிறேன்.

என் குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு நானே எழுதிய ஒரு வினாவில் மாதிரி: 'நான்கு செங்கோணங்கள் கொண்ட நாற்கரம் எது?' என்ற வினாவில் செவ்வகம், சதுரம் இரண்டும் விருப்பங்களாக உள்ளன. வகை: ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை. கட்டாயத் திருத்தம். வினாவில் 'எப்போதும்' சேர்த்து, சதுரத்துக்குப் பதில் இணைகரம் வைக்கலாம். கோணத்தைச் சோதிக்கும் நோக்கம் மாறாது.

கட்டாயத் திருத்தத்தையும் பரிந்துரையையும் பிரித்தே தருவேன். வேர்டிலும் கூகுள் டாக்ஸிலும் வேலை செய்வேன். விடைக்குறிப்போடு மணிக்குச் சுமார் 10 வினாக்கள், வாரத்துக்கு 15 மணி நேரம் இயலும். நீங்கள் தரும் 5 வினாக்களைச் சோதனையாகச் சரிபார்த்துத் தரத் தயார். சுயவிவரம் இணைப்பில் உள்ளது."

இவ்வளவுதான். ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. வகுப்புக்கான கடிதத்தில் நடுப்பத்திக்குப் பின்னக் கூட்டல் மாதிரியும், கடைசிப் பத்திக்கு நேரமும் கருவிகளும் வரும், கடைசி வரியில் 15 நிமிடச் சோதனை வகுப்புக்குத் தயார் என்று வரும். தொடக்கமும் தகுதியும் அப்படியே இருக்கும்.

அனுப்பும் முறையிலும் கடிதங்கள் தொலைகின்றன. மின்னஞ்சலின் பொருள் வரியில் "விண்ணப்பம்" என்று மட்டும் போடாமல் "கணக்கு சரிபார்ப்பாளர், 6 முதல் 8 வகுப்பு: விண்ணப்பம்" என்று போடுங்கள். கடிதத்தைப் பிடிஎஃப் ஆக இணையுங்கள், அதே உரையை மின்னஞ்சலிலும் ஒட்டுங்கள், ஏனென்றால் இணைப்பைத் திறக்காமலே முதல் பார்வையில் முடிவு செய்பவர் உண்டு. கோப்புப் பெயர் scan001.pdf என்று இருக்கக் கூடாது, உங்கள் பெயரும் பணியும் அதில் வரட்டும். தமிழில் எழுதுபவர்கள் யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்ததை மின்னஞ்சலில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எனக்கு இது வலித்த இடம். படிக்கவே முடியாத ஒன்றை நல்ல கடிதம் என்று நினைத்து அனுப்பியிருந்தேன். அனுப்பும் முன் வேறு ஒருவரின் கைப்பேசியில் திறந்து பார்த்துவிடுங்கள், அதோடு இந்தச் சிக்கல் தீரும்.

இனி பணமும் உழைப்பும் போன கதை. பதிலுக்காக ஏங்கியிருக்கும் நேரத்தில் வரும் முதல் பதிலை நம்பத்தான் தோன்றும். ஓரிடத்தில் தேர்வாகிவிட்டதாகச் சொல்லி, பதிவுக்கும் பயிற்சிக்கும் என்று ஒரு தொகை கேட்டார்கள். ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கட்டினேன். அதன்பின் தொடர்பு அறுந்தது. இழந்த தொகையைவிட, வீட்டில் அதைச் சொல்ல வேண்டியிருந்த கூச்சம் பெரிதாக இருந்தது. வேலை தருபவர் விண்ணப்பதாரரிடம் பணம் கேட்டால், பயிற்சி, பாதுகாப்புத் தொகை, அடையாள அட்டை, மென்பொருள் என்று எந்தப் பெயரில் கேட்டாலும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் கணக்கில் கூடுதலாகப் பணம் வந்துவிட்டது, மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்பதும் அதே ஏமாற்றுதான். வந்ததாகக் காட்டிய பணம் பிறகு மறைந்துவிடும், நீங்கள் அனுப்பியது திரும்பாது. ஊதியம் செலுத்த வங்கிக் கணக்கு எண் வேண்டும் என்பது நியாயம். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லோ, அட்டையின் பின்பக்க எண்ணோ எவருக்கும் தேவைப்படாது.

இன்னோரிடத்தில் சோதனை என்று ஒரு முழுப் பாடத்தையே சரிபார்க்கச் சொன்னார்கள். பல இரவுகள் உட்கார்ந்து செய்து அனுப்பினேன், பதில் இல்லை. சோதனை கேட்பது இந்தத் துறையில் இயல்பு. ஐந்து முதல் பத்து வினா, இரண்டு மூன்று பக்கம், ஒரு மணி நேரத்துக்குள் முடிவது என்றால் செய்யலாம். முழுப் பாடம், முழு வினாத்தாள் என்றால் அது சோதனை அளவைத் தாண்டிய இலவச வேலை. அதனால்தான் மேலே உள்ள கடிதத்தில் 5 வினா என்று அளவை நாமே குறிப்பிட்டிருக்கிறோம். அளவைக் கூட்டினால், "முதல் 5 வினாவை இப்போது தருகிறேன், மீதியை உங்கள் வழக்கமான ஊதிய விகிதத்தில் செய்கிறேன்" என்று பதில் எழுதலாம். உண்மையான நிறுவனம் இதற்குக் கோபப்படாது.

கடிதம் போன பிறகு ஏழு முதல் பத்து வேலை நாட்கள் காத்திருந்து, அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டுங்கள். புதிய மின்னஞ்சலாக அனுப்பினால் பழைய கடிதத்தோடு சேராது. அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த இடத்துக்குப் போகலாம். அழைப்பு வந்தால், எந்தக் கடிதத்தை எங்கே அனுப்பினோம் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேசுபவர் உங்கள் கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுவார், முதல் கேள்வியும் பெரும்பாலும் அந்த மாதிரியிலிருந்துதான் வரும். "சரி, மாணவர் 2/5 பாதியைவிடப் பெரியது என்று சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று என்னைக் கேட்டார்கள். திரைப்பலகையில் இரண்டு பட்டை வரைந்து, ஒன்றைப் பாதியாகவும் மற்றதை ஐந்து சம பங்காகவும் பிரித்து, இரண்டு பங்கை நிழலிட்டுக் காட்டி, எது நீளம் என்று மாணவரைச் சொல்லச் சொல்வேன் என்றேன். "வரைந்து காட்டுங்கள்" என்று எழுதும் அனுமதியைத் தந்தார்கள்.